பாதியும் ஏழும்: ஒரு வாய்ப்பாட்டின் இலக்கணம்

‘உங்கள் வயதைப் பாதியாக்குங்கள், அதனோடு ஏழைக் கூட்டுங்கள். வரும் எண்ணுக்குக் குறைந்த வயதுடையவரோடு உறவு வேண்டாம்.’ இணையர்களின் வயது இடைவெளி பற்றிய பேச்சு எழும் இடமெல்லாம் இந்த வாய்ப்பாடும் கூடவே எழுகிறது. முப்பது வயதினருக்கு எல்லை இருபத்திரண்டு, நாற்பதுக்கு இருபத்தேழு, ஐம்பதுக்கு முப்பத்திரண்டு. மனக்கணக்காகப் போட்டுவிடலாம் என்பதே இதன் முதல் கவர்ச்சி. கணக்கு என்பதாலேயே இது நடுநிலையானது என்று தோன்றிவிடுவது இரண்டாவது கவர்ச்சி. எனக்குச் சிக்கல் இந்த இரண்டாவதில்தான்.

ஈஜிபுராவில் நான் சில ஆய்வு மாணவர்களோடு பகிர்ந்து தங்கியிருக்கும் வீட்டில் அண்மையில் ஒரு விவாதம் நடந்தது. வழிகாட்டிக்கும் அவரிடம் ஆய்வு செய்யும் மாணவிக்கும் இடையிலான உறவைப் பற்றிய பேச்சு அது. யாருடைய உறவு என்பது இங்கே தேவையில்லை. எந்த வளாகத்திலும் நிகழக்கூடியது. அவருக்கு முப்பத்தெட்டு, அவளுக்கு இருபத்தாறு என்று வைத்துக்கொள்வோம். நண்பர் ஒருவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “பத்தொன்பதும் ஏழும் இருபத்தாறு. கணக்குச் சரியாகத்தானே வருகிறது?” என்றார். பேச்சு அங்கேயே முடிந்துபோயிற்று. ஒரு கூட்டல் கணக்கு எப்படி ஒரு விவாதத்தை முடித்து வைக்க முடிந்தது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே இப்பதிவு.

முதலில் இதன் பிறப்பு. இவ்விதியை முதலில் சொன்னவர் யார் என்று எவராலும் அறுதியிட முடியவில்லை. அச்சில் கிடைக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று, ஆங்கிலக் கவிஞர் ஃபிரெடரிக் லாக்கர்-லாம்ப்சன் 1879இல் வெளியிட்ட ‘பேட்ச்வொர்க்’ என்னும் துணுக்குத் தொகுப்பு. மனைவியின் வயது, கணவனின் வயதில் பாதியோடு ஏழு ஆண்டு கூட்டியதாக இருக்க வேண்டும் என்ற கருத்து அதில் வருகிறது. அடுத்து 1901இல் மேக்ஸ் ஓரெல் எழுதிய நூல் ஒன்றில் அது மறுபடி தலைகாட்டுகிறது. லேயோன் போல் ப்ளூவே என்னும் பிரெஞ்சுக்காரரின் புனைபெயர் அது. ஆண் பெண் உறவுகளை நகைச்சுவையாகப் பேசிப் பெயர் வாங்கியவர். அரை வயதோடு ஏழு சேர்ந்த வயதுடைய பெண்ணை ஆண் மணக்க வேண்டும் என்பது அவர் சொன்ன வடிவம். இருவருமே ஆய்வு எதையும் செய்து இந்த முடிவுக்கு வரவில்லை. ஒருவருடையது துணுக்கு, மற்றவருடையது வேடிக்கைப் பேச்சு.

மொழியியல் படித்தவள் என்பதால் என் கண் வினைமுற்றின் மேல் போய் நிற்கிறது. லாக்கர்-லாம்ப்சனும் ஓரெலும் சொல்வது ‘இருக்க வேண்டும்’, ‘மணக்க வேண்டும்’. அதாவது இது இலக்கு. முப்பது வயது ஆணுக்கு மிகப் பொருத்தமான மணமகள் இருபத்திரண்டு வயதினள் என்ற பரிந்துரை. இருபத்தைந்து வயதுப் பெண் கிடைத்தால் அவள் சற்று ‘முதியவள்’ என்பதே அந்தப் பழைய வாய்ப்பாட்டின் தீர்ப்பு. இன்று நாம் சொல்வதோ ‘குறையக் கூடாது’. இலக்காக இருந்த எண் கீழெல்லையாகிவிட்டது. 2007இல் xkcd என்னும் இணையக் கேலிச்சித்திரத் தொடர் இதே வாய்ப்பாட்டை ‘அருவருப்பு விதி’ என்ற பொருள்படும் பெயரில் எடுத்தாண்டு வரைபடம் போட்டபோது, கீழெல்லைப் பொருள் முற்றாக நிலைபெற்றுவிட்டிருந்தது. மூன்றாவது நகர்வு ஒன்றும் உண்டு. எங்கள் வீட்டு விவாதத்தில் நடந்தது அதுதான். ‘குறையக் கூடாது’ என்பது, குறையவில்லையாதலால் ‘ஆகலாம்’ என்று திரும்பிவிடுகிறது. வேண்டும், கூடாது, ஆகலாம் என மூன்று வினைமுற்றுகள் ஒரே எண்ணைச் சுமந்து வருகின்றன. எண் மாறாததால் கூற்றும் மாறவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

எழுவாயும் இடையில் மாறிப்போனது. ஓரெலின் வாக்கியத்தில் ஆண் வினைமுதல், பெண் செயப்படுபொருள். இன்றைய வடிவத்தில் ‘உங்கள் வயது’ என்று முன்னிலை வந்து அமர்ந்துகொண்டது. முன்னிலையில் பால் காட்டும் விகுதி இல்லை. எனவே எல்லாருக்கும் பொதுவான விதிபோல் ஒலிக்கிறது. ஆனால் அந்த ஏழும் பாதியும் ஆண் மூத்தவன், பெண் இளையவள் என்ற முன்முடிவுக்காகவே செய்யப்பட்டவை.

பரிந்துரைப் பொருளிலேயே இவ்விதியை வாழ்ந்து காட்டிய ஒரு மெய்யான நிகழ்வு உண்டு. அமெரிக்காவில் ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கத்தின் தலைவர் எலைஜா முகமது இதைத் தம் சீடர்களுக்கு உபதேசித்ததை மால்கம் எக்ஸ் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிந்திருக்கிறார். 1958 சனவரியில் மால்கம் எக்ஸ் மணந்தபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. மணமகள் பெட்டிக்கு இருபத்து மூன்று. பதினாறும் ஏழும் இருபத்து மூன்று, துல்லியமாகப் பொருந்துகிறது. அங்கே அந்த எண் இலக்காகவே வேலை செய்தது.

இனிக் கணக்கின் உள்ளே செல்வோம். வயதை x என்று கொண்டால் எல்லை x/2 + 7. இந்தக் கோட்டுக்கு ஒரு நிலைப்புள்ளி உண்டு: பதினான்கு. பதினான்கு வயதினருக்கு எல்லையும் பதினான்கு. அதற்குக் கீழே போனால் வாய்ப்பாடு உளறத் தொடங்குகிறது. பத்து வயதுக்குப் பன்னிரண்டைக் கீழெல்லையாகத் தருகிறது. ஏழு எங்கிருந்து வந்தது என்பதற்கு யாரும் காரணம் சொல்லியதில்லை. ஆனால் அது செய்யும் வேலையைச் சொல்லிவிடலாம்: நிலைப்புள்ளியைத் தீர்மானிப்பது அதுதான். ஏழுக்குப் பதில் ஐந்து என்றால் நிலைப்புள்ளி பத்து; ஒன்பது என்றால் பதினெட்டு. விக்டோரியா காலத்து வாசகருக்குப் பதினான்கில் வாழ்க்கைத்துணை பற்றிய கணக்குத் தொடங்குவது அதிர்ச்சியாக இருந்திராது. நமக்கு அப்படியல்ல.

இந்தியச் சட்டத்தோடு ஒட்டிப் பார்த்தால் இதன் விளைவு தெளிவாகும். ஆணின் திருமண வயது இங்கே இருபத்தொன்று. வாய்ப்பாட்டில் இட்டால் வருவது பதினேழரை. அதாவது சட்டம் ஓர் ஆணைத் திருமணத்துக்குத் தகுதியானவன் என்று அறிவிக்கும் அதே நாளில், இந்த விதி அவனுக்குச் சட்டப்படி குழந்தையான ஒருத்தியை அனுமதிக்கிறது. இருபத்திரண்டு வயது நிரம்பிய பிறகே எல்லை பதினெட்டைத் தொடுகிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட எவரையும் குழந்தை என்கிறது. சம்மதம் அங்கே பேச்சே இல்லை. ஆகவே இருபத்திரண்டுக்குக் கீழ்ப்பட்ட எவரிடமும் இந்த வாய்ப்பாட்டைச் சொல்வது ஆபத்தான அறிவுரை. இளங்கலை மாணவர்களிடையே இது உலவுவதை எண்ணிப் பார்க்கையில் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்; வாய்ப்பாடு முழுவதும் மூடத்தனம் அல்ல. அது அனுமதிக்கும் இடைவெளி இருபது வயதில் மூன்று ஆண்டு, நாற்பதில் பதின்மூன்று, அறுபதில் இருபத்து மூன்று. வயது ஏற ஏற இடைவெளியின் கனம் குறைகிறது என்ற உள்ளுணர்வு அதில் இருக்கிறது. பதினாறுக்கும் இருபதுக்கும் இடையிலுள்ள நான்கு ஆண்டும் நாற்பத்தாறுக்கும் ஐம்பதுக்கும் இடையிலுள்ள நான்கு ஆண்டும் ஒன்றல்ல என்பதை நாம் அனைவரும் அறிவோம். வெறும் கழித்தல் கணக்கு இதைச் சொல்லாது. ‘இருவருக்கும் ஐந்து வயதுக்கு மேல் வித்தியாசம் கூடாது’ என்னும் நம் வீட்டுப் பெரியவர்களின் விதியைவிட இது இந்த ஒரு வகையில் நுட்பமானது.

வயது இடைவெளியை எண்ணால் கட்டுப்படுத்தும் முயற்சி நமக்குப் புதிதா என்றால், இல்லை. நான் இப்போது வாழும் இந்த நிலத்திலேயே அதற்கு அருமையான ஒரு சான்று உண்டு. 1894இல் மைசூர் அரசு குழந்தை மணத் தடுப்பு ஒழுங்குவிதி ஒன்றை இயற்றியது. சாமராஜேந்திர உடையார் அரசர். சேஷாத்ரி ஐயர் திவான். எட்டு வயது நிரம்பாத பெண்ணின் திருமணத்தை அது தடுத்தது. நாம் பேசும் பொருளுக்கு வேண்டியது அதன் இன்னொரு பிரிவு: ஐம்பது வயது நிரம்பிய ஆண், பதினான்கு வயது நிரம்பாத பெண்ணை மணப்பது குற்றம். ஒருவரின் வயதை மட்டும் பார்க்காமல் இருவரின் வயதையும் சேர்த்துப் பார்த்துத் தடை விதித்த சட்டப்பிரிவு இது.

கணக்காகப் பார்த்தால் இது கோடு அல்ல, படிக்கட்டு. நாற்பத்தொன்பது வயதுக்காரர் ஒன்பது வயதுச் சிறுமியை மணக்கலாம். ஐம்பதாவது பிறந்தநாள் கழிந்துவிட்டால் பதின்மூன்று வயதினளை மணக்கக் கூடாது, பதினான்கு ஆகிவிட்டால் மணக்கலாம். நம் வாய்ப்பாடு ஐம்பதுக்கு முப்பத்திரண்டு என்கிறது. அந்தப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மைசூர் விதி மிகத் தாராளமானதாக, ஏன், கொடியதாகவே நமக்குத் தோன்றும்.

ஆனாலும் மைசூர் விதியிடம் ஒரு நேர்மை இருக்கிறது: எந்தத் தீங்கைத் தடுக்க வந்தது என்று அதற்குத் தெரியும். மலபாரி 1884இல் குழந்தை மணம், கட்டாய விதவைநிலை பற்றிய தம் குறிப்புகளை வெளியிட்டதிலிருந்து, அந்தக் காலத்துச் சீர்திருத்த விவாதங்களின் நடுவே இருந்தவள் இளம் விதவை. ஐம்பதைக் கடந்தவர் சிறுமியை மணந்தால், அவள் வளர்ந்து ஆளாகும் முன்பே அவர் இறந்துபோகக்கூடும். மறுமணத்துக்கு வழியில்லாத சாதிகளில் அவளுக்கு அதன்பின் வாழ்நாள் முழுதும் கைம்மை. ஐம்பது என்ற எண்ணை அன்றைய ஆயுள் நிலையும் அன்றைய கைம்மை வழக்கமும் சேர்ந்து தந்திருக்கின்றன என்றே நான் வாசிக்கிறேன். அந்த எண்ணோடு நாம் உடன்படாமல் போகலாம். ஆனால் ‘ஏன் ஐம்பது?’ என்று கேட்டால் பதில் ஒன்று இருக்கிறது. ‘ஏன் ஏழு?’ என்று கேட்டால் இல்லை.

பின்னர் 1929இன் சார்தா சட்டம் இடைவெளியைக் கைவிட்டது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு எனத் தனித்தனிக் கீழெல்லை வைத்தது. 1978இல் அவை பதினெட்டும் இருபத்தொன்றும் ஆயின. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடைவெளி பற்றிப் பேசாத சட்டத்துக்குள்ளும் ஓர் இடைவெளி ஒளிந்திருக்கிறது. மனைவி கணவனைவிட இளையவளாக இருக்க வேண்டும் என்ற வார்ப்பை இது வலுப்படுத்துகிறது என்று சட்ட ஆணையமே 2018இல் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கையில் சுட்டிக்காட்டியது.

தமிழ் மரபு என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சிறிது விலகிச் செல்கிறேன். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைவன் தலைவியரிடையே இருக்க வேண்டிய ஒப்புமைகள் பத்தை அடுக்கும்போது ‘ஆண்டு’ என்பதையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. நூற்பாவில் எண் ஏதும் இல்லை. இறையனார் களவியலின் உரை பதினாறையும் பன்னிரண்டையும் தந்தது. சிலப்பதிகாரத்தில் மணநாளன்று கோவலனுக்குப் பதினாறு, கண்ணகிக்குப் பன்னிரண்டு. நம் வாய்ப்பாட்டின்படி பதினாறு வயதினனுக்கு எல்லை பதினைந்து. ஆகவே தமிழின் மிகப் புகழ்பெற்ற அந்த மணம் விதியை மீறியது! அந்த மணத்தில் நேர்ந்த துயரத்துக்கும் நான்கு வயது இடைவெளிக்கும் தொடர்பில்லை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

எனக்குப் பெரிதாகப்படுவது வேறொரு இடம். பெருந்திணையின் கூறுகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் ‘இளமை தீர் திறம்’ என்பதைச் சொல்கிறது. இளம்பூரணர் அதை மூன்றாக விரிக்கிறார்: தலைவன் முதியவனாகித் தலைவி இளையவளாதல், தலைவி முதியவளாகித் தலைவன் இளையவனாதல், இருவரும் இளமை கடந்தபின் அறத்தின்மேல் மனம் செல்லாமல் காமத்தின்மேல் செல்லுதல். மூன்றாவதை இன்று நாம் ஏற்க மாட்டோம்; ஏற்கவும் தேவையில்லை. ஆனால் முதல் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் சமன்பாடு ஓரெலிடம் இல்லாதது. மேலும், பெருந்திணை என்பது தடைச்சட்டம் அல்ல. அகத்திணை ஏழனுள் ஒன்று. பொருந்தாமையை இலக்கணம் வகைப்படுத்துகிறது; எண் கொடுத்து வேலி போடவில்லை.

அந்தப் ‘பொருந்தாமை’ என்ற சொல்தான் இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்தை உலுக்கிய ஒரு திருமணத்தின் மீது வந்து விழுந்தது. 1949 சூலை 9 அன்று பெரியார் மணியம்மையை மணந்தார். பெரியார் பிறந்தது 1879 செப்டம்பர் 17. எழுபது நிறைய இரண்டு மாதம் இருந்தது. மணியம்மையார் பிறந்தது 1920 மார்ச் 10, வயது இருபத்தொன்பது. ‘பொருந்தாத் திருமணம்’ என்றார்கள் எதிர்த்தவர்கள். அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று, பெரியாரின் பிறந்தநாளிலேயே, அண்ணாவின் தலைமையில் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. பிளவுக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் வெடிப்பதற்குக் கிடைத்த பொறி இந்தத் திருமணம்.

வாய்ப்பாட்டை இதன் மேல் போட்டுப் பார்ப்போம். அறுபத்தொன்பதில் பாதி முப்பத்து நான்கரை, ஏழு கூட்ட நாற்பத்தொன்றரை. இருபத்தொன்பது எங்கோ கீழே நிற்கிறது. மறுபுறமிருந்தும் பார்க்கலாம். இளையவரின் வயதிலிருந்து ஏழைக் கழித்து இரட்டித்தால் அவருக்கான மேலெல்லை வரும். இருபத்தொன்பதுக்கு அது நாற்பத்து நான்கு. எப்படிப் பார்த்தாலும் விதிமீறல்தான். ஆனால் வாய்ப்பாட்டின் விநோதம் இனிமேல்தான் வெளிப்படுகிறது. இருவருக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒருபோதும் மாறாது. எல்லையோ ஆண்டுதோறும் தளர்ந்துகொண்டே போகும். ஆகையால் எந்த இணையரும் காத்திருந்தால் ஒருநாள் விதிக்குள் வந்துவிடுவார்கள். இடைவெளியை இரட்டித்துப் பதினான்கைக் கூட்டினால், மூத்தவர் அந்த வயதை எட்டும் நாள் அது. பெரியாருக்கும் மணியம்மையாருக்கும் இடைவெளி ஏறத்தாழ நாற்பதரை ஆண்டு. இரட்டித்தால் எண்பத்தொன்று, பதினான்கு கூட்டத் தொண்ணூற்றைந்து. பெரியார் 1973 டிசம்பர் 24 அன்று தொண்ணூற்று நான்காம் வயதில் மறைந்தார். இன்னும் எட்டு மாதத்துக்குச் சற்று மேல் வாழ்ந்திருந்தால், இருபத்து நான்கு ஆண்டாகப் பொருந்தாமல் இருந்த அந்த மணம், 1974 ஆகஸ்டு இறுதிவாக்கில் பொருந்திப் போயிருக்கும்.

இந்த முடிவு யாருக்கும் எதையும் சொல்லவில்லை. அவர்கள் மணந்தது தவறு என்று கருதுபவருக்கும் அது 1974இல் சரியாகிவிடாது. தவறில்லை என்று கருதுபவருக்கும் 1949இல் அது தவறாக இருந்திருக்காது.

அன்று நடந்த விவாதத்தை நினைத்துப் பாருங்கள். பெரியார் தம் தரப்பில் சொன்னது இயக்கத்தின் சொத்தைப் பற்றி: தமக்குப்பின் அது சிதறாமலிருக்கச் சட்டப்படி ஒரு வாரிசு வேண்டும், அதற்கான ஏற்பாடே இது என்று. எதிர்த்தவர்கள் கேட்டது வேறு: பொருந்தா மணங்களை மேடைதோறும் கண்டித்த இயக்கத்தின் தலைவர் தாமே அதைச் செய்யலாமா, இயக்கத்தின் தலைமை யாரிடம் போகிறது என்று. மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அன்று அது உரக்கக் கேட்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. திருமணத்துக்கு முன்பே பல ஆண்டுகள் அவரோடு இருந்து, உடல்நலம் பேணி, நூல் விற்று, இயக்கப் பணி செய்தவர் மணியம்மையார். அந்தச் சார்பு நிலையில் இருந்தவரால் மறுக்க முடிந்திருக்குமா? அல்லது, முப்பதை நெருங்கும் ஒரு பெண் தன் விருப்பத்தோடு எடுத்த முடிவை மற்றவர்கள் ஏன் அவளுக்காகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்? பெரியாருக்குப் பின் 1978 வரை திராவிடர் கழகத்தை நடத்தியவர் அவர்தான் என்பதையும் சேர்த்தே இதை எண்ண வேண்டும். சொத்து, தலைமை, கொள்கை முரண், மறுக்கும் ஆற்றல் எனக் கேள்விகள் பல. அவற்றுள் எதுவுமே வாய்ப்பாட்டுக்குள் நுழையும் மாறி அல்ல. அதற்குத் தெரிந்த மாறி ஒன்றே ஒன்று.

தவறு யாதென்று தெரிந்தபின் எண்ணைக் கையாண்டால் எண்ணும் பயன்படும் என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றைச் சொல்லலாம். 2019 ஏப்ரலில், சபரி என்பவரின் வழக்கில், நீதிபதி வி. பார்த்திபன் போக்சோவைப் பற்றி ஒரு பரிந்துரை செய்தார். பதின்பருவத்தினர் தமக்குள் விரும்பிப் பழகியதற்காக இளைஞர்கள் கடுந்தண்டனை பெறுவதைக் கண்டு சொன்னது அது: பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களின் சம்மத உறவைத் தனியாகப் பார்க்கலாம், அப்போது மற்றவரின் வயது ஐந்து ஆண்டுக்கு மேல் மிகுந்திருக்கக் கூடாது. இது வெறும் கழித்தல்தான். ஆனால் எதற்கான கழித்தல் என்று தெளிவாக இருக்கிறது: வயதில் மிக மூத்தவர் பதின்பருவத்தினரின் அறியாமையைப் பயன்படுத்திக்கொள்ளாமல் தடுப்பதற்கு. நம் வாய்ப்பாட்டில் பதினாறு வயதினருக்கு மேலெல்லை பதினெட்டே. நீதிபதியின் பரிந்துரையில் இருபத்தொன்று. இளம் வயதில் வாய்ப்பாடு நீதிமன்றத்தைவிடக் கறார், முதிய வயதில் யாரையும்விடத் தாராளம். பரிந்துரை சட்டமாகவில்லை. சம்மத வயதைக் குறைக்க வேண்டாம் என்றே சட்ட ஆணையம் 2023இல் தன் 283ஆம் அறிக்கையில் சொன்னது.

சரி, முப்பத்தெட்டும் இருபத்தாறும். அந்த எண்கள் எல்லைக்கோட்டின் மேலேயே அமர்ந்திருக்கின்றன. இடைவெளி பன்னிரண்டு; இரட்டித்துப் பதினான்கு கூட்டினால் முப்பத்தெட்டு. அதாவது சென்ற ஆண்டு, அவருக்கு முப்பத்தேழும் அவளுக்கு இருபத்தைந்துமாக இருந்தபோது, இதே உறவு தவறு, இவ்வாண்டு சரி. இந்த ஓராண்டில் மாறியது என்ன? அவளுடைய ஆய்வேட்டின் இரண்டாம் இயல் இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது.

நம்மைப் போன்றவர்களுக்கு வயது எப்படித் தெரியுமோ அப்படியே கையொப்பங்களும் தெரியும். உதவித்தொகை மாதந்தோறும் வருவதற்கு உறுதிச் சான்றில் வழிகாட்டியின் கையொப்பம் வேண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகை இரண்டாண்டுக்குப்பின் முதுநிலையாக உயர்வதற்கான மதிப்பீட்டுக் குழுவில் அவர் இருப்பார். அரையாண்டு முன்னேற்ற அறிக்கை, கருத்தரங்குக்குச் செல்லும் அனுமதி, ஆய்வேட்டை மதிப்பிடப் போகிறவர்களின் பெயர்ப்பட்டியல், முடிவில் வேலைக்கான பரிந்துரைக் கடிதம் எல்லாம் அவர் வழியாகவே போக வேண்டும். உறவு முறிந்தால் அவருக்கு மனவருத்தம். அவளுக்கு மனவருத்தத்தோடு ஐந்தாண்டு உழைப்பும் போகும். இந்தச் சமனின்மை அவருக்கு முப்பதாகவும் அவளுக்கு இருபத்தொன்பதாகவும் இருந்தாலும் அப்படியேதான் இருக்கும். வயதில் மூத்த மாணவியும் வயதில் இளைய வழிகாட்டியும் இன்று அரிதல்ல. வேலையை விட்டுவிட்டு முப்பத்தைந்தில் ஆய்வுக்கு வருபவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். வாய்ப்பாடு அவர்களைப் பார்த்துக் கேள்வியே எழுப்பாது.

அதே வேளையில், இருவேறு ஊர்களில் இருவேறு வேலை பார்க்கும் ஐம்பது வயதினரும் முப்பது வயதினரும் விரும்பி மணந்தால், இரண்டாண்டு குறைகிறது என்று அவர்களை முகம் சுளித்துப் பார்க்க வைப்பதும் இதே வாய்ப்பாடுதான்.

எங்கள் வீட்டு நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும்; அவருக்கு என் பதில் இதுதான். அந்த உறவு மெய்யானது என்றால், அந்த இருவரும் முதலில் செய்ய வேண்டியது வயதைப் பாதியாக்குவது அல்ல. துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி வழிகாட்டியை மாற்றிக்கொள்வது. அவளுடைய மதிப்பீட்டுக் குழுவிலிருந்து அவர் விலகிக்கொள்வது. அந்தக் கடிதத்தை எழுதும் பொறுப்பை அவளிடம் விடாமல் அவரே ஏற்பது. அப்படி ஒரு கடிதம் போயிருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். அதன்பிறகு மீதியைப் பேசலாம்.